தொடர் வரைபடமும் ரோல்ஓவர் இடைவெளியும்

முன்பேர ஒப்பந்தம் ஒவ்வொன்றுக்கும் ஒரு காலாவதித் தேதி உண்டு. அப்படித் தனித்தனியாக முடிந்துபோகும் ஒப்பந்தங்களின் விலைகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி, பல ஆண்டுகளுக்கு நீளும் ஒரே கோடாகக் காட்டுவதுதான் தொடர் வரைபடம். முடியப்போகும் மாதத்து ஒப்பந்தத்தை விற்று அடுத்த மாதத்தை வாங்குவது ரோல்ஓவர். இரு மாதங்களும் ஒரே நேரத்தில் வெவ்வேறு விலையில் இருப்பதால், ஒட்டும் இடத்தில் கோடு துள்ளும். யாருக்கும் லாபமோ நட்டமோ தராத அந்தத் துள்ளலை, சார்ட்டும் அதன் மேல் கணக்கிடப்படும் இண்டிகேட்டர்களும் உண்மையான விலை மாற்றமாக எடுத்துக்கொள்கின்றன.

ஒசாகாவின் தோஜிமா அரிசிச் சந்தைக்கு 1730இல் ஜப்பானிய அரசின் ஏற்பு கிடைத்தது. சிகாகோ வணிக வாரியம் 1848இல் தொடங்கி, 1865இல் ஒப்பந்தங்களுக்குச் சீரான விதிகளை வகுத்தது. சிகாகோவின் தானியச் சந்தையில், எந்த மாதம் சரக்கை ஒப்படைப்பது என்பது ஒப்பந்தத்தின் உயிர்நாடி. ஜூலை மக்காச்சோளம் என்பது போன அறுவடையின் மிச்சம். டிசம்பர் மக்காச்சோளம் இன்னும் வயலில் நிற்கும் புதிய அறுவடை. இரண்டின் விலைகளை ஒட்டினால் இரண்டு வெவ்வேறு சரக்குகளை ஒட்டுகிறோம் என்றே சொல்ல வேண்டும்.

ஒரே சரக்கானாலும் இடைவெளி வரும். சேமித்து வைக்கக் கிடங்கு வாடகை, வட்டி, காப்பீடு எல்லாம் ஆகும் என்பதால், சரக்கு தாராளமாகக் கிடைக்கும் காலத்தில் தள்ளிய மாதம் விலை கூடுதலாக இருக்கும்; சந்தையில் இதைக் கண்டாங்கோ என்பார்கள். இப்போதே சரக்கு வேண்டும் என்ற தட்டுப்பாட்டில் அருகிலுள்ள மாதம் விலை ஏறி நிற்கும், அது பேக்வர்டேஷன்.

இந்த இடைவெளி எவ்வளவு பெரிதாகலாம் என்பதை அமெரிக்காவின் டபிள்யூ.டி.ஐ. கச்சா எண்ணெய் காட்டியது. நியூயார்க் வணிகச் சந்தையில் 1983இல் தொடங்கிய இந்த ஒப்பந்தம் 1,000 பீப்பாய் கொண்டது. ஒப்படைக்குமிடம் ஓக்லஹோமாவின் குஷிங். 2020 ஏப்ரலில் பெருந்தொற்று முடக்கத்தால் எண்ணெய்க்குத் தேவை சரிந்தது. குஷிங்கின் தொட்டிகளில் மிஞ்சிய இடமும் முன்பதிவாகிவிட்டது. மே ஒப்பந்தத்தின் கடைசி நாள் ஏப்ரல் 21. அதற்குப் பின்னும் கையில் வைத்திருப்பவர் எண்ணெயை எடுத்தாக வேண்டும்.

ஏப்ரல் 17, வெள்ளிக்கிழமை, மே ஒப்பந்தம் 18.27 டாலரிலும் ஜூன் 25.03 டாலரிலும் முடிந்தன, இடைவெளி 6.76. திங்களன்று மே மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. அதே நாள் ஜூன் 20.43.

வெள்ளி முடிவில் ரோல் செய்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஜூனை 25.03க்கு வாங்கியவருக்குத் திங்களன்று பீப்பாய்க்கு 4.60 டாலர், ஒரு ஒப்பந்தத்துக்கு 4,600 டாலர் நட்டம். அதே நாளில் ரோல் செய்து, திருத்தம் எதுவும் இல்லாமல் ஒட்டிய சார்ட்டில் வெள்ளி 18.27, திங்கள் 20.43; அதாவது 2.16 டாலர் ஏற்றம். கணக்கில் பணம் போன நாளைச் சார்ட் லாப நாளாக எழுதுகிறது. 14 நாள் ஆர்.எஸ்.ஐ. இந்த 2.16ஐ ஏற்றத்தின் பக்கம் சேர்க்கிறது. இறக்கத்தின் பக்கம் சேர வேண்டிய 4.60 எங்கும் பதிவாகவில்லை. அந்தத் தேதியில் சார்ட்டையும் தரகரின் லாப நட்டக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க நம்பகமான வழி.

ஆர்.எஸ்.ஐ.யும் ஏ.டி.ஆரும் வெல்ஸ் வைல்டர் 1978இல் வெளியிட்ட நூலில் அறிமுகமானவை. நேற்றைய முடிவுக்கும் இன்றைய தொடக்கத்துக்கும் நடுவே சந்தை தாவினால் அந்தத் தாவலும் ஏற்ற இறக்கத்தில் சேர வேண்டும் என்பதற்காகவே அவர் ஏ.டி.ஆரில் முந்தைய நாள் முடிவு விலையைச் சேர்த்தார். அந்த நல்ல ஏற்பாடே ஒட்டுப்போட்ட சார்ட்டில் வினையாகிறது: ரோல் இடைவெளி முழுவதும் அதற்குள் நுழைந்துவிடுகிறது.

ரோல் தேதியும் அதே அளவு முக்கியம். கடைசி நாள் வரை மே ஒப்பந்தத்தையே பிடித்திருக்கும் சார்ட்டில், ஏப்ரல் 20இன் குறைந்த விலை மைனஸ் 40.32, முந்தைய முடிவு 18.27. ஆக அன்றைய உண்மை வீச்சு குறைந்தது 58.59 டாலர். 14 நாள் ஏ.டி.ஆரில் இது மட்டுமே சுமார் 4.19 டாலரைச் சேர்க்கும். பிறகு நாளுக்குப் பதினான்கில் ஒரு பங்காகத்தான் கரையும். பாதியாகக் குறையவே ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். 20 நாள் எளிய சராசரியோ, ஜூன் விலையை எடுத்திருந்தால் வருவதைவிட 2.90 டாலர் கீழே போய், சரியாக இருபதாவது நாளுக்குப் பின் காரணமில்லாமல் துள்ளி ஏறும். வர்த்தக அளவு ஜூனுக்கு மாறியதுமே ரோல் செய்துவிடும் சார்ட்டில் அந்த எதிர்மறை விலை இடம்பெறவே இல்லை. ஒரே எண்ணெய், ஒரே நாள். ஒரு சார்ட்டில் மைனஸ் 37.63, இன்னொன்றில் 20.43. இரண்டும் தத்தம் விதிக்கு உண்மையானவை. ஆகவே எந்த விதி என்று சொல்லாத தொடர் சார்ட்டை வைத்துச் சோதனை நடத்தக் கூடாது.

இடைவெளியை நீக்கும் பழக்கத்தைப் பரவலாக்கிய எழுத்தாளர்களில் ஜாக் ஷ்வாகர் முக்கியமானவர். பரவலான முறை பின்னோக்கித் திருத்தம்: ரோல் நாளின் வித்தியாசத்தைப் பழைய விலைகள் எல்லாவற்றோடும் கூட்டுவது. மேற்சொன்ன கணக்கில் வெள்ளிக்கிழமையின் 18.27 இப்போது 25.03 ஆகும், திங்களின் வீழ்ச்சி சரியாக 4.60 எனத் தெரியும். விலை வித்தியாசங்களை மட்டும் பார்க்கும் ஆர்.எஸ்.ஐ., ஏ.டி.ஆர்., சராசரிகளின் வெட்டு ஆகியவை இதில் ஒழுங்காக வேலை செய்யும்.

ஆனால் விழுக்காடு கெடும். ஏப்ரல் 16இல் மே ஒப்பந்தம் 19.87, மறுநாள் 1.60 டாலர் குறைந்தது, அதாவது சுமார் 8 விழுக்காடு. திருத்திய சார்ட்டில் அதே 1.60 டாலர் 26.63இலிருந்து குறைவதால் 6 விழுக்காடாகத் தேய்கிறது. இது ஒரு ரோலின் விளைவு. மாதம் ஒன்றாக ஆண்டுக்குப் பன்னிரண்டு சேரும். கண்டாங்கோவில் பழைய விலைகள் மேலே ஏறிக்கொண்டே போகும், பேக்வர்டேஷனில் இறங்கி, சில தொடர்களில் சுழிக்கும் கீழே போய்விடும். 2008 ஜூலையின் 147.27 டாலர் உச்சத்தில் தடுப்பு நிலைக் கோடு போட விரும்புபவர் திருத்திய சார்ட்டில் அந்த எண்ணைத் தேடினால் கிடைக்காது. ஒவ்வொரு ரோலுக்கும் அந்த உச்சம் இடம் மாறும். விலை நிலைகளுக்குத் தனி ஒப்பந்தத்தின் சார்ட்டையே திறக்க வேண்டும்.

விழுக்காட்டைக் காப்பது விகிதத் திருத்தம். 25.03ஐ 18.27ஆல் வகுத்தால் 1.37; பழைய விலைகளை அதனால் பெருக்குவார்கள். 19.87 என்பது 27.22 ஆகி, 25.03க்கு வரும்போது அதே 8 விழுக்காடு தெரியும். டாலர் மாற்றம் மட்டும் 1.60க்குப் பதில் 2.19 ஆகிவிடும். ஏப்ரல் 20இன் முடிவில் ரோல் செய்திருந்தாலோ இந்த முறையே உடைந்துபோகும்: 20.43ஐ மைனஸ் 37.63ஆல் வகுத்தால் வரும் விகிதம் மைனஸ் 0.54, அதனால் பெருக்கினால் 1983 முதல் அதுவரை வந்த நேர்ம விலைகள் அத்தனையும் ஒரே நொடியில் எதிர்மறையாகிவிடும், ஏற்றங்கள் எல்லாம் இறக்கங்களாகப் புரளும்.