ஸ்வீப்பர் கீப்பர்

கால்பந்தாட்டத்தில் கோல் கம்பங்களுக்கிடையே நின்று பந்தைத் தடுப்பதோடு நில்லாமல், தம் அணியின் பின்கள வீரர்கள் முன்னேறிச் சென்றபின் அவர்களுக்கும் கோலுக்கும் இடையே வெறுமையாகக் கிடக்கும் பிரதேசத்தையும் தம் பொறுப்பாகக் கொண்டு, அங்கே விழும் பந்தை எதிரி அடையுமுன் ஓடிவந்து அப்புறப்படுத்தும் கோல்கீப்பருக்கு இப்பெயர் வழங்குகிறது.

1950-களில் ஹங்கேரி அணியின் கியூலா குரோஷிச் இம்முறைக்கு முன்னோடி. 1953 நவம்பர் 25 அன்று வெம்ப்ளி மைதானத்தில் இங்கிலாந்தை 6–3 என்று வென்ற அந்த அணி தாக்குதலையே பிரதானமாகக் கொண்டிருந்தபடியால், பின்னே திறந்து கிடந்த வெளியைக் காக்க அவர் பெனால்ட்டிப் பகுதியைத் தாண்டி வரும் வழக்கமுடையவராயிருந்தார். 1974 உலகக் கோப்பையில் நெதர்லாந்தின் பயிற்சியாளர் ரீனஸ் மிகெல்ஸ், ஆஃப்சைடு வலை விரிக்கும் பொருட்டுப் பின்கள வரிசையை வெகுதூரம் முன்னே ஏற்றியபோது, 33 வயதான யான் யோங்பிளூட்டைக் கோலில் நிறுத்தினார். பந்தைக் காலால் ஆள்வதும் துணிந்து வெளியேறுவதுமே அத்தேர்வின் காரணங்கள். இறுதியாட்டத்திற்கு முந்தைய 6 ஆட்டங்களில் அந்த அணி வாங்கிய கோல் ஒன்றே. அதுவும் தன் வீரரே தவறிப் போட்டுக்கொண்டது.

1992-இல், சகவீரர் வேண்டுமென்றே காலால் தட்டிக் கொடுக்கும் பந்தைக் கோல்கீப்பர் கையால் தொடலாகாது என்ற விதி வந்தபின், கால்வித்தை அவருக்கு ஓர் அலங்காரமாயிராமல் அவசியமாகிவிட்டது.

இம்முறை அபாயத்தை நீக்குவதில்லை. அதன் ரூபத்தை மாற்றுகிறது. ஒரு கணக்கைப் பார்ப்போம். பின்கள வரிசை கோலிலிருந்து 40 மீட்டரில் நிற்கிறது. அவ்வரிசையின் தலைக்கு மேலாக வரும் பந்து கோலிலிருந்து 22 மீட்டரில் விழுகிறது. எதிரணியின் முன்கள வீரர் அதையடைய 18 மீட்டர் ஓடவேண்டும். கோல்கோட்டிலேயே நிற்கும் கோல்கீப்பர் 22 மீட்டர் ஓடவேண்டியிருப்பதால் அவர் தோற்பது நிச்சயம். பெனால்ட்டிப் பகுதியின் விளிம்பையொட்டி 16 மீட்டரில் நிற்பவருக்கோ 6 மீட்டரே பாக்கி. ஆனால் அதே நிலையில், மைதானத்தின் நடுக்கோட்டிலிருந்து ஒருவர் பந்தை நேராகக் கோலுக்குள் உயரத் தூக்கி அடித்துவிட்டால், அது வானில் இருக்கும் ஏறக்குறைய 3 வினாடிக்குள், பந்தைவிட்டுக் கண்ணெடுக்காமல் அவர் பின்னோக்கி ஓடிச் சேரவேண்டும். முதல் வகை அபாயம் ஓர் ஆட்டத்தில் பலமுறை நேர்வது. இரண்டாவது அரிதாக நேர்வது, ஆயினும் நேர்ந்தால் கோல்கீப்பரின் பிழையாகவே எல்லோர் கண்ணிலும் படுவது. இந்தப் பண்டமாற்றை அறியாதவர்களே ஒரு விபத்தைக் கண்டு முறையையே பழிக்கிறார்கள்.

ஆகையால் கோல்கீப்பர் நிற்குமிடம் நிலையானதன்று. பந்தை வைத்திருக்கும் எதிரியை யாராவது நெருக்கிக்கொண்டிருந்தால் அவரால் குறிபார்த்து அடிக்க இயலாது. அப்போது முன்னே நிற்கலாம். நெருக்குவாரின்றி அவர் தலைநிமிர்ந்து பார்க்கும் அவகாசம் பெற்றால், வரிசையும் கோல்கீப்பரும் சேர்ந்தே பின்வாங்கவேண்டும். பந்து காலைவிட்டு அகன்ற பிறகு யோசித்து ஓடத் தொடங்குபவர் பாதிவழியில் அகப்பட்டுக்கொள்வார். 2006 சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தின் 18-ஆம் நிமிஷத்தில், ஆர்சனலின் யென்ஸ் லேமன் பெனால்ட்டிப் பகுதிக்கு வெளியே பார்சலோனாவின் சாமுவேல் எட்டோவை வீழ்த்திச் சிவப்பு அட்டை பெற்றார். 10 பேராய் ஆடிய அந்த அணி 2–1 என்று தோற்றது.

இம்முறையின் இரு முகங்களையும் ஒருவரிடத்திலேயே காணலாம். 2011 ஏப்ரல் 5 அன்று மிலானில், ஷால்கே அணியின் மானுவேல் நொயர் ஆட்டம் தொடங்கிய முதல் நிமிஷத்திலேயே வெளியே பாய்ந்து பந்தைத் தலையால் அடித்து விலக்கினார். அது நடுக்கோட்டருகே நின்ற இன்டர் வீரர் டெயான் ஸ்டான்கோவிச்சிடம் போக, அவர் தரையில் விழவிடாமலே திருப்பியடித்து வெற்றுக் கோலில் சேர்த்தார். நொயர் அதற்காகத் தம் முறையைக் கைவிட்டாரில்லை. ஷால்கே அன்று 5–2 என்று வென்றது.

2014 ஜூன் 30 அன்று பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரியில், உலகக் கோப்பையில் ஜெர்மனி அல்ஜீரியாவை எதிர்த்தது. ஜெர்மனியின் மத்தியப் பின்கள வீரர்களான மெர்ட்டசாக்கரும் போவாட்டெங்கும் வரிசையை முன்னே நிறுத்த, அல்ஜீரியர்கள் இடைவிடாது அவர்கள் முதுகுப்புறம் நீண்ட பந்துகளை அனுப்பி, இஸ்லாம் ஸ்லிமானியை ஓடவிட்டார்கள். மெர்ட்டசாக்கர் வேகமானவரல்லர், அந்த ஓட்டங்களை அவரால் துரத்திப் பிடிக்க முடியவில்லை. நொயரோ மீண்டும் மீண்டும் பெனால்ட்டிப் பகுதிக்கு வெளியே வந்து, ஒருபோது சறுக்கிக் காலாலும் ஒருபோது எகிறித் தலையாலும் பந்தை விலக்கினார். ஒரு கணம் பிந்தியிருந்தால் லேமனின் கதியே அவருக்கும் நேர்ந்திருக்கும். கூடுதல் நேரத்தில் ஜெர்மனி 2–1 என்று வென்றது. அல்ஜீரியாவின் ஒரே கோல் ஆட்டத்தின் கடைசித் தருணத்தில், வலப்புறத்திலிருந்து வந்த குறுக்குப் பந்தில் விழுந்தது. வரிசையின் பின்னே வீசிய பந்துகளில் ஒன்றேனும் கோலாகவில்லை.