யூனிக்கோடு இயல்பாக்கமும் தமிழ்ச் சொல் தேடலும்

திரையில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு தமிழ்ச் சொற்களைக் கணினி வேறுவேறாகக் கொள்வது, உள்ளே அவற்றின் குறியெண்கள் வேறாக இருப்பதால்தான். பழனி மலைத்தொடரின் ஊர்ப் பெயர்களில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம்.

'கொடைக்கானல்' என்பதன் முதல் எழுத்தை இரு வகையில் சேமிக்க முடியும். ககரத்தை அடுத்து ஒகரக் குறியை U+0BCA என்ற ஒரே குறியெண்ணாக வைப்பது ஒன்று. ஒற்றைக் கொம்பு U+0BC6, கால் U+0BBE என இரண்டாக வைப்பது மற்றொன்று. முதல் வகையில் அந்தப் பெயர் 11 குறியெண்கள், இரண்டாவதில் 12. எழுத்துரு இரண்டையும் ஒரே வடிவில் வரைந்துவிடுகிறது. ஆனால் குறியெண்களை அப்படியே ஒப்பிடும் தேடல் ஒன்றைத்தான் கண்டுபிடிக்கும். கொம்பையும் காலையும் தனித்தனியே தட்டிய பழைய எழுத்துருக் கோப்புகளை யூனிக்கோடுக்கு மாற்றும்போது பிரிந்த வடிவம் எளிதில் நுழைந்துவிடும். கண்டறியும் வழி எளிது: பெரும்பாலான எடிட்டர்களில் 'கொ'வுக்குப் பின் ஒருமுறை பேக்ஸ்பேஸ் அழுத்தினால், பிரிந்த வடிவமாயின் 'கெ' மிஞ்சும், சேர்ந்த வடிவமாயின் 'க' மட்டும்.

தேடல் தவறுவதைவிட மாற்றீடு ஆபத்தானது. பிரிந்த வடிவமுள்ள கோப்பில் 'கெ'யை எல்லாம் 'கே' ஆக்கச் சொன்னால், கொடைக்கானல் ஓசையின்றிக் கோடைக்கானல் ஆகிவிடும்.

யூனிக்கோடு இவ்விரு வடிவங்களையும் சமமென்றே வரையறுக்கிறது. அவற்றை ஒரே வடிவுக்குக் கொண்டுவருவதே இயல்பாக்கம். NFC சேர்த்து எழுதும்; NFD பிரித்து எழுதும். பைத்தானில்:

```
import unicodedata
a = "\u0b95\u0bca\u0b9f\u0bc8"
b = "\u0b95\u0bc6\u0bbe\u0b9f\u0bc8"
a == b                                # False
unicodedata.normalize("NFC", b) == a  # True
```

கோப்பு, தேடுசொல் இரண்டையும் ஒரே வடிவுக்கு மாற்றிய பிறகே தேட வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் சிக்கல் இடம்பெயரும், தீராது.

தமிழில் இப்படிச் சேர்ந்து பிரியும் குறியெண்கள் நான்கே: ஒகரக் குறி, ஓகாரக் குறி, ஔகாரக் குறி, தனி எழுத்தான ஔ. கடைசி இரண்டும் பிரியும்போது வரும் பின்பகுதி U+0BD7 என்ற தனிக் குறி; பார்வைக்கு ளகரம் போலிருந்தாலும் அது ளகரமன்று. கொடைக்கானல் வட்டாரத்துக் கௌஞ்சியைக் கொம்பும் ளகரமுமாகத் தட்டினால், NFC அதைத் தொடாது. யூனிக்கோடின் கணக்கில் அது 'கெளஞ்சி' என்ற வேறொரு சொல். 'கவுஞ்சி' என்று எழுதுவது எழுத்துக்கூட்டு வேறுபாடு. அதற்கும் இயல்பாக்கத்துக்கும் தொடர்பில்லை.

இதைச் சரிசெய்யக் கொம்பும் ளகரமும் சேர்ந்த இடமெல்லாம் ஔகாரக் குறி இடுவோர் உண்டு. அது தவறான மருந்து. அதே மலையிலுள்ள வெள்ளகவி என்ற ஊர்ப் பெயர் உடைந்து, புள்ளி ஒட்ட இடமின்றி நிற்கும். ளகரத்தை அடுத்துப் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் விட்டுவிட வேண்டும். எஞ்சியவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தே மாற்ற வேண்டும்.