ஹாப்சன் ஜாப்சன்: ஓர் இரட்டைச் சொல் உருவான வழி

பெசன்ட் நகர்க் கடற்கரையின் வடக்கு முனையில், ஊரூர் ஒல்காட் குப்பத்தில், காலையில் மீன் வாங்க வருகிறவர்கள் பலர் ஒரே மாதிரிதான் கேட்கிறார்கள்: "மீன் கீன் எதுனா இருக்காக்கா?" 'கீன்' என்று கடலில் எதுவும் இல்லை. ஆனாலும் அந்தச் சொல் வீணாக வரவில்லை. நண்டோ, இறாலோ, நேற்றைய கருவாடோ, சமைக்கத் தோதாக எது இருந்தாலும் சரி என்ற பொருள் அந்த ஓரசையில் இருக்கிறது. விற்கிறவரும் அப்படியே புரிந்துகொண்டு கூடையைத் திறக்கிறார்.

இந்த எதிரொலிக்குக் கண்டிப்பான விதி உண்டு. முதற்சொல்லின் முதல் எழுத்து குறிலானால் 'கி', நெடிலானால் 'கீ'. மற்றவை மாறுவதில்லை. வலை கிலை, படகு கிடகு, சங்கரா கிங்கரா, நெத்திலி கித்திலி. பாம்பு கீம்பு, தோணி கீணி. மெய்யெழுத்து மட்டும் மாறினால் போதாது, உயிரும் மாற வேண்டும் என்பதைக் கவனிக்க வேண்டும். 'வலை கலை' என்று யாரும் சொல்வதில்லை. இந்த ஒரு நுணுக்கம் பின்னால் நமக்கு உதவப்போகிறது.

இலக்கணம் படித்தவர்களுக்கு உடனே இரட்டைக்கிளவி நினைவுக்கு வரும். அது வேறு. 'சலசல', 'கலகல' போன்றவை பிரித்தால் பொருள் தராதவை என்று தொல்காப்பியமே சொல்லதிகாரத்தில் விதி வகுத்தது. 'மீன் கீன்' என்பதில் முதற்பாதி முழுச்சொல். அதைத் தனியே எடுத்துக்கொண்டு போகலாம். இந்த எதிரொலி தமிழுக்கு மட்டும் உரியதன்று. தெலுங்கிலும் கன்னடத்திலும் 'கி' போன்ற ஒலியே வருகிறது, இந்தியில் 'சாய் வாய்' என்று வகரம் வருகிறது. மொழிக்குடும்ப எல்லை தாண்டி இந்தியா முழுவதும் இப்பழக்கம் பரவியிருப்பதை மொழியியலாளர் எமனோ தோடர் மொழியை ஆராய்ந்தபோதே கண்டு, 1938இல் எழுதினார்.

ஆங்கிலத்தில் இதற்கு இணையாகத் தோன்றும் சொற்கள் ஏராளம். ஹெல்டர்-ஸ்கெல்டர், ஸிக்ஸாக், ஹாட்ஜ்பாட்ஜ், ஹர்லி-பர்லி, ஹோகஸ்-போகஸ். 1866இல் ஹென்றி வீட்லி இவற்றுக்கென்றே ஓர் அகராதி தொகுத்தார். நூறாண்டு கழித்து, 1963இல், நில்ஸ் தூன் என்ற ஸ்வீடன் நாட்டு அறிஞர் இன்னும் விரிவான ஆய்வு நூல் வெளியிட்டார். மேலோட்டமாகப் பார்த்தால் இவை நம் 'மீன் கீன்' போலவே இருக்கின்றன. உள்ளே நுழைந்தால் உறவு அறுந்துபோகிறது. ஆங்கிலத்தில், எந்தப் பெயரிலும் ஒட்டிக்கொள்ளும் பொதுவிதியால் இவை பிறக்கவில்லை. ஒவ்வொன்றும் தனித்தனி விபத்தில் பிறந்து, நிலைத்துப்போனது.

ஹாட்ஜ்பாட்ஜை எடுத்துக்கொள்வோம். அதன் மூலம் 'ஓஷ்போ' என்ற பழைய பிரெஞ்சுச் சொல்: 'குலுக்கு', 'பானை' என்ற இரண்டும் சேர்ந்தது. பல பொருள்களைப் போட்டுச் சமைத்த கலவைக் கறி. அது ஆங்கிலத்தில் 'ஹாட்ச்பாட்' ஆனது. அந்த வடிவம் இன்றும் ஆங்கிலச் சட்டத்தில் உயிரோடிருக்கிறது. சொத்தைச் சமமாகப் பங்கிட, முன்பே பெற்றவற்றையும் மொத்தத்தில் சேர்த்துக் கலக்கும் முறைக்கு அதுவே பெயர். சட்டத்துக்கு வெளியே, வாய்ப்பேச்சில், 'பானை' என்ற பின்பாதி முன்பாதியின் ஓசைக்கு இழுபட்டு 'ஹாட்ச்பாட்ச்' ஆயிற்று, பிறகு 'ஹாட்ஜ்பாட்ஜ்'. பொருளுள்ள இரு சொற்களில் ஒன்று தன் பொருளை இழந்து, எதுகைக்காக உருமாறியது என்பதே இதன் வரலாறு.

ஹெல்டர்-ஸ்கெல்டர் எதிர்த்திசையில் போனது. 'ஸ்கெல்டர்' என்பதில் விரைதல் என்ற பழைய வினை இருக்கலாம் என்று அகராதியாளர் கருதுகின்றனர். 'ஹெல்டர்' வெறும் முன்னொலி. இங்கே பொருள் பின்பாதியில், ஓசை முன்பாதியில். நம் 'அக்கம்பக்கம்' இப்படித்தான் நிற்கிறது. 'அல்லோலகல்லோலம்' இன்னும் அழகான சான்று. 'கல்லோலம்' வடமொழியில் பேரலை. 'அல்லோலம்' என்று தனியாக எதுவும் வழங்குவதில்லை. அலை வருமுன் அதன் ஓசை வந்து நிற்பதுபோல், பொருள் வருமுன் எதிரொலி வந்து நிற்கிறது. ஆக, ஆங்கில வகைக்கு உண்மையான தமிழ் இணை 'மீன் கீன்' அன்று. உறைந்துபோன இந்த இணைமொழிகளே.

ஸிக்ஸாக் மூன்றாம் வகை. அதில் மெய்கள் நிலைத்து, உயிர் மட்டும் இகரத்திலிருந்து அகரத்துக்கு இறங்குகிறது. பிரெஞ்சு வழியாக 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்கு வந்தது. வரிசை மாறி 'ஸாக்ஸிக்' என்று வருவதில்லை. அதை இங்கே விடுகிறேன். என் கவனம் எதுகை வகையில்தான்.

அந்த வகையில் ஒரு சொல்லின் வளர்ச்சியைப் படிப்படியாக, ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு, எழுத்துச் சான்றுகளோடு தொடர முடிகிறது. அது பிறந்த இடமும் இந்தியாதான்: ஹாப்சன்-ஜாப்சன்.

முஹர்ரம் ஊர்வலத்தில் மார்பில் அடித்துக்கொண்டு எழுப்பும் ஓலம் 'யா ஹஸன்! யா ஹுஸைன்!' நபிகளின் பேரர்கள் இருவரையும் விளித்து அழும் குரல். 680இல் கர்பலாவில் ஹுஸைன் கொல்லப்பட்டதற்கான துக்கம். அரபியில் ஹுஸைன் என்பது ஹஸன் என்ற சொல்லின் சிறுமை வடிவம். இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை. ஆகவே மூல முழக்கமே பாதி எதுகையோடு பிறந்தது. அந்நியக் காதுக்கு எஞ்சிய பாதியை நிரப்புவது எளிது.

1618இல் பாரசீகத்தில் இருந்த இத்தாலியப் பயணி பியெத்ரோ தெல்லா வல்லே பெயரைச் சிதைக்காமல் 'ஹுஸைன்' என்றே எழுதினார். சில ஆண்டுகள் கழித்து ஆங்கிலேயர் தாமஸ் ஹெர்பர்ட்டுக்கு இரு பெயரும் ஒன்றாகக் கேட்டன. 'ஹஸ்ஸன் ஹஸ்ஸன்' என்று பதிந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஜான் ஃப்ரையர் எழுதிய பயணக் குறிப்பில், 1673ஆம் ஆண்டின் கீழ், 'ஹொஸ்ஸீன் கொஸ்ஸீன்' என்று வருகிறது. ஹஸன் என்ற பெயர் இங்கே காணாமலே போய்விட்டது. இருப்பது ஹுஸைனும் அவருடைய நிழலும். டால்பாய்ஸ் வீலர் எழுதிய பழைய சென்னை வரலாற்றில் 1720ஆம் ஆண்டுச் செய்தியில் 'ஹொஸ்ஸைன் ஜொஸ்ஸென்'. சோழமண்டலக் கரையைப் பற்றி 1726இல் எழுதிய டச்சுக்காரர் வாலன்டைன், டச்சுக்காரர்கள் இந்த நாள்களை 'யாக்ஸொம் பாக்ஸொம்' என்று அழைப்பதாகக் குறிக்கிறார். கடைசியில், 1829இல், ஆங்கிலச் சிப்பாயின் பேச்சாக அச்சேறிய 'ஹாப்சன் ஜாப்சன்'.

ஃப்ரையரின் 'கொஸ்ஸீன்' என்னை நெடுநாள் உறுத்தியது. ககர எதிரொலி! நம் ஊர் வாயில் பிறந்த 'உசேன் கிசேன்' என்பதைத்தான் அவர் கேட்டிருப்பாரோ? அப்படி இருந்தால் நன்றாக இருக்கும் என்ற ஆசை எனக்கு உண்டு. ஆனால் குப்பத்தில் கண்ட விதி அதை அனுமதிக்கவில்லை. தமிழ் எதிரொலியாக இருந்தால் உயிர் இகரமாகியிருக்க வேண்டும். ஃப்ரையரிடம் ஒகரம் அப்படியே நிற்கிறது. மெய் மட்டும் மாறியிருக்கிறது. அது ஹாட்ஜ்பாட்ஜின் வழி. ஆகவே அந்த இரட்டையைச் செய்தது ஆங்கிலக் காது.

அந்தக் காது செய்த வேலையையும் பிரித்துப் பார்க்கலாம். இரண்டாம் விளியில் 'யா' என்பதும் ஹகரமும் நெருங்கி ஒன்றாகின்றன. டச்சுக்காரர் அந்த யகரத்தைக் கேட்டபடி 'யாக்ஸொம்' என்று முன்னால் வைத்து, எதுகைக்குப் பகரம் சேர்த்துக்கொண்டனர். ஆங்கிலத்தில் அதே யகரம் 'ஜ' ஆகிப் பின்னால் நின்றிருக்க வேண்டும். அடுத்து, இரு பெயர்களின் உயிர்களும் சமப்படுத்தப்பட்டன. முதற்பாதியில் ஹகரம் நிலைத்ததும் தற்செயலன்று. ஹெல்டர், ஹாட்ஜ், ஹர்லி, ஹோகஸ் என்று ஆங்கில எதுகை இரட்டைகளில் பெருங்கூட்டம் ஹகரத்தில்தான் தொடங்குகிறது. புதுச்சொல் பழகிய அச்சில் விழுந்தது. கடைசிப் படிதான் தீர்மானமானது: நடுவில் பகரம் நுழைந்ததும் ஹாப்சன், ஜாப்சன் என்ற இரண்டு ஆங்கிலக் குடும்பப் பெயர்கள் கிடைத்துவிட்டன. இனி அந்த ஒலி மாற வேண்டிய தேவையில்லை. அறியாத சொல் அறிந்த சொல்லாகிவிட்டால் அதன் பயணம் நின்றுவிடும்.

ஒலி நின்ற இடத்தில் பொருளும் சரிந்தது. சிப்பாய்களின் வழக்கில் அந்தச் சொல் தமாஷா, ஆரவாரம், திருவிழாக் கூச்சல் என்ற பொருளில் புழங்கியது. ஒரு படுகொலைக்கு அழுத குரல் அது என்பது எதுகையின் அடியில் புதைந்துவிட்டது. எதுகை இரட்டைகளுக்கு ஆங்கிலத்தில் ஒரு விளையாட்டுத்தனமும் குழப்பத்தின் சாயலும் எப்போதும் உண்டு. அந்த வடிவத்துக்குள் எந்தத் துக்கத்தைப் போட்டாலும் அது துக்கமாகத் திரும்பி வராது. இதை ஒலியியல் என்று மட்டும் சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

1886இல் வெளிவந்த ஆங்கில-இந்தியச் சொல் அகராதிக்கு ஹென்றி யூல் இதையே பெயராக வைத்தார். அவருடைய கூட்டாசிரியர் ஆர்தர் பர்னெல் சென்னை மாகாண நிர்வாகப் பணியில் இருந்தவர், தஞ்சாவூரில் நீதிபதி, அரண்மனைச் சுவடிகளுக்குப் பட்டியல் செய்தவர். நூல் அச்சாவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1882இல், அவர் இறந்துவிட்டார். இரு ஆசிரியர்களை மறைமுகமாகச் சுட்டும் இரட்டைச் சொல் என்பது யூல் கூறிய காரணங்களுள் ஒன்று. வேற்றுச்சொல் உள்ளூர் ஒலிக்கு வளைவதை மொழியியலார் இன்றும் 'ஹாப்சன்-ஜாப்சன் விதி' என்று அழைப்பதும் இந்நூலால்தான்.

அந்த அகராதியில் குப்பத்துச் சொல் ஒன்றும் இருக்கிறது: 'கட்டமரான்', நம் கட்டுமரம். அதுவும் வளைந்த சொல்தான். முதலசை ஆங்கிலத்தில் பூனையைக் குறிக்கும் சொல்லாக ஒலித்ததாலோ என்னவோ, 19ஆம் நூற்றாண்டில் சண்டைக்காரப் பெண்ணுக்கும் அதைப் பெயராக்கினார்கள். ஆனால் இரட்டையாகவில்லை. கட்டு, மரம் என்ற இரு பகுதிகளுக்கும் ஓசை ஒற்றுமை இல்லை. ஹஸன் ஹுஸைனில் இருந்த பாதி எதுகை இங்கே இல்லை. விதை இல்லாத இடத்தில் ஆங்கில எதுகை முளைக்கவில்லை.

தமிழ் எதிரொலிக்கு அந்த விதை தேவையில்லை. கட்டுமரம் கிட்டுமரம், ஃபைபர் கீபர் என்று நேற்று வந்த சொல்லிலும் ஒட்டிக்கொள்ளும். அது தடுமாறும் இடம் ஒன்றே ஒன்று. குப்பத்துக் கூடைகளில் வஞ்சிரம், நெத்திலி, சங்கராவோடு கிழங்கானும் வரும். வஞ்சிரம் கிஞ்சிரம் என்று கேட்கலாம். கிழங்கானுக்கு எதிரொலி சொல்லப்போனால் கிழங்கானே திரும்பி வருகிறது. அதை வாங்க வருகிறவர்கள், "கிழங்கான் மாதிரி எதுனா இருக்கா?" என்றுதான் கேட்கிறார்கள்.