மாங்குளத்தில் ‘விரைவில்’ வரும் வளர்ச்சியை எப்படி அளப்பது?

மல்லாவியில் எனக்கு உறவுமுறையான அக்கா ஒருவர் மகனைக் கொழும்புக்கு வேலைக்கு அனுப்பாமல் வைத்திருக்கிறார். மாங்குளத்தில் தொழிற்சாலைகள் வரப்போவதாகக் கேள்விப்பட்டிருக்கிறார். எப்போது என்று கேட்டால் “கெதியிலயாம்” என்கிறார். மகனுக்கு வயது 22. அந்தக் ‘கெதியில’ என்பது ஒரு வருடமா, ஏழு வருடமா என்பதில்தான் அவன் என்ன செய்ய வேண்டும் என்பது தங்கியிருக்கிறது.

காங்கேசன்துறை, பரந்தன், மாங்குளம் ஆகிய மூன்று இடங்களிலும் முதலீட்டு வலயங்கள் அமைக்கப்படும் என்று அரசாங்கம் 2025இல் அறிவித்தது. மாங்குளம் வலயம் உருவானால், மாங்குளம்–வெள்ளாங்குளம் வீதியில் இருக்கும் எங்கள் ஊருக்கு அதைவிடப் பக்கத்தில் வேறு தொழிற்பேட்டை இருக்காது. எதிர்பார்ப்பு நியாயமானதுதான். ஆனால் மேடைகளில் அது ‘பாரிய வளர்ச்சி’, ‘ஆயிரக்கணக்கான வேலைவாய்ப்புகள்’, ‘விரைவில்’ என்ற சொற்களாகவே வந்து சேர்கிறது. இப்படிச் சொன்னதை நிறைவேறியது என்றும் நிறுவ முடியாது, நிறைவேறவில்லை என்றும் நிறுவ முடியாது.

திகதியும் இலக்கமும் கேட்டு வாங்கினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது போதாது என்பதற்கு வன்னியிலேயே ஒரு பாடம் இருக்கிறது.

2009 மே மாதம் இந்தியத் தூதுக்குழுவினர் கொழும்பு வந்தபோது, இடம்பெயர்ந்தோரில் ‘பெரும்பாலானோரை’ 180 நாட்களுக்குள் அவர்களின் சொந்த இடங்களில் மீளக்குடியமர்த்தும் திட்டம் இருப்பதாக இலங்கை அரசு தெரிவித்தது. மே 21 கூட்டறிக்கையிலும் அது இடம்பெற்றது. அன்றிலிருந்து எண்ணினால் கெடு நவம்பர் 17இல் முடிகிறது. நாள் திட்டவட்டமாகவே இருந்தது. ஆனால் அந்தக் கெடு முடிந்தபோதும் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் முகாம்களில் இருந்தார்கள். மெனிக் பாம் முழுமையாக மூடப்பட்டது 2012 செப்டம்பரில்.

அப்படியானால் வாக்குறுதி தோற்றதா? அங்கேதான் சிக்கல். ‘பெரும்பாலானோர்’ என்றால் 51 வீதமா, 90 வீதமா என்று எங்கும் எழுதப்படவில்லை. முகாமை விட்டு உறவினர் வீட்டுக்குப் போனவரும் மீளக்குடியமர்ந்தவரா என்பதும் தெளிவில்லை. கடைசியாக வெளியேறிய கேப்பாபுலவுக் குடும்பங்கள் சொந்தக் காணிக்குப் போகவில்லை, சீனியாமோட்டைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். முகாமில் மிஞ்சியோரை எண்ணினால் அவர்களின் கணக்கு முடிந்துவிட்டது. சொந்தக் காணிக்குத் திரும்பியோரை எண்ணினால் அது தொடங்கவே இல்லை. 180 என்ற இலக்கம் சரியாக இருந்தும், எதை எண்ணுவது என்பது தீர்மானிக்கப்படாததால் இரு தரப்பும் தாம் சொல்வதே சரி என்று வாதாட முடிந்தது.

வளர்ச்சி வீதத்திலும் இதே கதைதான். போர் முடிந்த அடுத்த ஆண்டுகளில் வடமாகாணப் பொருளாதாரம் 20 வீதத்துக்கும் மேல் வளர்ந்ததாக மத்திய வங்கியின் மாகாணக் கணிப்புகள் காட்டின. நாட்டிலேயே உயர்ந்த வேகம் என்று அது கொண்டாடப்பட்டது. ஆனால் அவை பணவீக்கத்தைக் கழிக்காத கணிப்புகள். தொடங்கிய இடமோ மிகக் கீழே இருந்தது. அந்த வேகத்துக்குப் பிறகும் தேசிய உற்பத்தியில் வடக்கின் பங்கு ஏறத்தாழ 4 வீதமாகவே இருந்தது. எனவே யாராவது வீதத்தைச் சொன்னால், எந்த ஆண்டின் எந்தத் தொகையிலிருந்து என்று உடனே கேட்க வேண்டும்.

இனி மாங்குளத்துக்கு வருவோம். ‘ஆயிரக்கணக்கான வேலைவாய்ப்புகள் விரைவில்’ என்பதைச் சரிபார்க்கக்கூடிய வசனமாக நான் எழுதிப் பார்த்தேன். இதிலுள்ள இலக்கமும் திகதிகளும் என்னுடைய உதாரணங்கள்; எந்த அதிகாரியும் இவற்றைச் சொல்லவில்லை.

“2029 டிசம்பர் 31ஆம் திகதியன்று, மாங்குளம் வலயத்தில் உற்பத்தி தொடங்கிய நிறுவனங்களில், துணுக்காய், மாந்தை கிழக்கு, ஒட்டுசுட்டான் பிரதேச செயலகப் பிரிவுகளில் வதியும் குறைந்தது 400 பேர், ஊழியர் சேமலாப நிதி தொடர்ந்து 12 மாதங்கள் செலுத்தப்பட்ட வேலையில் இருப்பார்கள்.”

வசனம் அழகாக இல்லை, ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் வேலை இருக்கிறது. ‘உற்பத்தி தொடங்கிய’ என்று போடாவிட்டால், ஒப்பந்தம் கைச்சாத்தான அன்றே வேலைவாய்ப்பு உருவானதாகக் கணக்குக் காட்டப்படும். சேமலாப நிதியைச் சேர்த்ததற்குக் காரணம், தொழில் தருநர் 12 வீதமும் ஊழியர் 8 வீதமும் மாதாமாதம் கட்டும் அந்தப் பதிவு, எண்ணக்கூடிய ஒரு தடயம். கட்டட வேலைக்கு மூன்று மாதம் வந்துபோகும் கூலியாட்களும், ‘மறைமுக வேலைவாய்ப்பு’ என்று பின்னர் சேர்க்கப்படும் தேநீர்க்கடைகளும் இதற்குள் வரமாட்டார்கள். பிரதேச செயலகப் பிரிவுகளின் பெயர்களைப் போட்டது, வலயம் வன்னியில் இருந்தாலும் வேலை வன்னிக்கு வரும் என்ற உறுதி இல்லாததால். இதிலும் ஓட்டை உண்டு. வதிவிடத்தை எதை வைத்துத் தீர்மானிப்பது என்பதையும் எழுதவேண்டும். கிராம அலுவலரின் சான்றும், வேலையில் சேர முன் குறைந்தது இரண்டு வருட வதிவும் என்று வைக்கலாம்.

அடுத்து, கடைசித் திகதியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் பார்க்க வேண்டும். 12 மாதக் கொடுப்பனவு முடிந்திருக்க, அந்த 400 பேரும் 2029 ஜனவரியிலேயே வேலையில் இருக்க வேண்டும். தொழிற்சாலை ஒன்றைக் கட்டி இயந்திரம் பூட்ட 18 மாதம் என்று வைத்தால், முதலீட்டாளருக்குக் காணி 2027 நடுப்பகுதியில் கைமாறியிருக்க வேண்டும். அதற்கு முன் காணி விடுவிக்கப்பட்டு, அளக்கப்பட்டு, உள்வீதியும் மின்சாரமும் நீரும் கழிவுநீர் ஏற்பாடும் குறைந்தபட்சம் ஒப்பந்தக்காரரிடம் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். இதில் ஒரு படி ஆறு மாதம் பிந்தினால் 2029 கைக்கெட்டாது என்பது 2027இலேயே தெரிந்துவிடும். அக்காவின் மகனைப் போன்றவர்களுக்கு இறுதி இலக்கத்தைவிட இந்த இடைப்படிகளே பயன்படும்.

வட்டுவாகல் பாலத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். 2025 வரவுசெலவுத்திட்டத்தில் அதற்கு 1,000 மில்லியன் ரூபாய் ஒதுக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 2ஆம் திகதி கட்டுமானம் ஆரம்பித்து வைக்கப்பட்டது. பாலம் இருக்கிறதா இல்லையா என்பதை நந்திக்கடல் ஓரம் போய் நின்று யாரும் பார்க்கலாம். வலயம் அப்படியல்ல. பெயர்ப்பலகையும் வேலியும் வந்தாலே ‘ஆரம்பிக்கப்பட்டது’ என்று சொல்லிவிடலாம்.

இவற்றை எங்கே கேட்பது? பிரதேச, மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்களில் ‘பௌதிக முன்னேற்றம்’, ‘நிதி முன்னேற்றம்’ என்று இரண்டு தனி விடயங்கள் பேசப்படும். இரண்டையும் கேளுங்கள். பணத்தைப் பற்றிக் கேட்கும்போது ஒதுக்கப்பட்டது, விடுவிக்கப்பட்டது, செலவிடப்பட்டது என மூன்று தொகைகளையும் கேட்க வேண்டும். மேடையில் சொல்லப்படுவது பெரும்பாலும் முதலாவது தொகைதான்.

எழுத்தில் பதில் வேண்டுமானால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. “வளர்ச்சி எப்போது வரும்?” என்று எழுதினால் பயனில்லை, அது கருத்துக் கேட்பது. ஆவணத்தைக் கேளுங்கள்: காணி விடுவிப்புக் கடிதத்தின் பிரதி, அங்கீகரிக்கப்பட்ட செயற்றிட்ட அட்டவணை, கடைசிக் காலாண்டு முன்னேற்ற அறிக்கை, இன்றுவரை உற்பத்தி தொடங்கிய நிறுவனங்களின் பட்டியல். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யலாம்; அதன் பிறகு ஆணைக்குழுவுக்குப் போகலாம். கேட்ட அட்டவணை தம்மிடம் இல்லை என்று பதில் வந்தால் அந்தக் கடிதத்தையும் பத்திரப்படுத்துங்கள். அது வந்த நாள்வரை ‘விரைவில்’ என்ற சொல்லுக்குப் பின்னால் அந்த அலுவலகத்தில் ஒரு திகதியும் இருக்கவில்லை என்பதற்கு, திகதியிட்டுக் கையொப்பமிட்ட சான்று அதுதான்.