பஸ் போர்டில் 'மீகமுவ', படிவத்தில் 'ஜாதிய': இலங்கையில் குடியேறும் தமிழர் எங்கே தடுமாறுகிறார்?

கொழும்பு புறக்கோட்டை பஸ் நிலையம். திருச்செந்தூரிலிருந்து வந்து இறங்கிய ஒருவர் நீர்கொழும்புக்குப் போகணும். சுற்றிலும் நடத்துநர்கள் ஊர்ப் பெயர்களைக் கூவுகிறார்கள், ஆனால் நீர்கொழும்பு என்ற பெயரை மட்டும் யாரும் சொல்லவில்லை. எதிரே நிற்கும் பஸ்ஸில் "மீகமுவ, மீகமுவ" என்று ஒருவர் கத்திக்கொண்டிருக்கிறார். அதுதான் அவர் ஏற வேண்டிய பஸ். நீர்கொழும்புக்குச் சிங்களத்தில் பெயர் மீகமுவ.

சிங்களவர் பெரும்பான்மையாக வாழும் ஊரில் வேலைக்கோ திருமணமாகியோ குடியேறுபவருக்கு முதல் தடுமாற்றம் இந்த போர்டில்தான். அது அரை மணி நேரச் சிக்கல். அரசுப் படிவத்தில் வரும் தடுமாற்றமோ, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் வரை போகும்.

போர்டில் எதைப் பார்க்கணும்?

அரசு பஸ்களில் பெரும்பாலும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மூன்று மொழியிலும் ஊர்ப் பெயர் இருக்கும். தனியார் பஸ்களில் சிங்களம் பெரிதாக இருக்கும், தமிழ் சிறிதாக இருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. ஆனால் வழித்தட எண் நம் 1, 2, 3-லேயே எழுதப்பட்டிருக்கும். கொழும்பிலிருந்து நீர்கொழும்புக்கு 240, கண்டிக்கு 1, மாத்தறைக்கு 2. திருச்செந்தூர் முருகனைப் பார்த்தவர்கள் கதிர்காமக் கந்தனையும் பார்க்க நினைத்தால் 32. அந்த போர்டில் 'கதரகம' என்றிருக்கும்.

பெரும்பாலான ஊர்கள் இப்படிக் கொஞ்சம் உருமாறித்தான் வரும். கொழும்பு 'கொளம்ப' ஆகும், மாத்தறை 'மாத்தர' ஆகும், அம்பாந்தோட்டை 'ஹம்பந்தொட' ஆகும். காதால் கேட்டாலே பிடிபட்டுவிடும். பிடிபடாத சில பெயர்களை மட்டும் மனப்பாடம் செய்துகொள்வது நல்லது. கண்டி 'மஹநுவர', சிலாபம் 'ஹலாவத', யாழ்ப்பாணம் 'யாபனய', புறக்கோட்டை 'பிட்டகொட்டுவ'. ஊர்ப் பெயர்களுக்கு இடையே 'ஹரஹா' என்ற சொல் வந்தால் 'வழியாக' என்று பொருள். சந்தேகம் வந்தால் "மே பஸ் எக மீகமுவட யனவத?" என்று கேட்கலாம். "இந்த பஸ் நீர்கொழும்புக்குப் போகுமா?" என்பதுதான் அது.

பஸ்ஸுக்குள் முன் இருக்கைகளில் 'பூஜ்ய பக்ஷய சந்தஹா' என்று எழுதியிருந்தால், அது மதகுருமாருக்கான இடம். 'சந்தஹா' என்றால் 'க்காக'. கர்ப்பிணிகளுக்கான இருக்கையில் 'கர்ப்பிணித் தாய்மார்' என்பதில் 'தா' இருக்க வேண்டிய இடத்தில் 'நா' விழுந்த தமிழ் போர்டின் படம் ஒருமுறை இணையத்தில் பரவி, சிரிப்பும் கோபமும் கிளம்பியது. தமிழ் இருக்கிறது என்பதற்காக அது சரியாகவே இருக்கும் என்று நம்பிவிட முடியாது.

தெரிந்த சொல் போலவே இருக்கும், ஆனால் வேறு

படிவத்தில் பல சொற்கள் நமக்குப் பழக்கமானவை போலவே ஒலிக்கும். 'தினய' தேதி, 'சம்பூர்ண நம' முழுப்பெயர், 'உபன் தினய' பிறந்த தேதி. 'லிபினய' முகவரி, 'அத்ஸன' கையெழுத்து. 'கிராம நிலதாரி' நம்ம ஊர் வி.ஏ.ஓ. மாதிரி ஒருவர். இவற்றில் பெரிய ஆபத்து இல்லை.

ஆபத்து 'ஜாதிய' என்ற கட்டத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து போனவர் அதைப் பார்த்ததும் சாதிப் பெயரை எழுதிவிடுவார். ஆனால் சிங்களத்தில் 'ஜாதிய' என்றால் இனம். சிங்களவரா, தமிழரா, சோனகரா என்பதுதான் கேள்வி. தமிழ்நாட்டிலிருந்து போன தமிழர் 'இந்தியத் தமிழர்' என்று எழுதலாம். எந்த நாட்டுக் குடிமகன் என்பதற்கு 'புரவெஸிபாவய' என்று தனிக் கட்டம் இருக்கும்.

இதில் தூத்துக்குடி கடற்கரைக்காரர்களுக்கு இன்னொரு குழப்பமும் உண்டு. இந்தக் கரையிலிருந்து போன பரதவரின் வழிவந்தவர்கள் நீர்கொழும்புப் பக்கம் இருக்கிறார்கள். இலங்கைக் கணக்கெடுப்பில் அவர்கள் 'பரதர்' என்ற தனி இனமாகவே எண்ணப்படுகிறார்கள். இங்கே சமூகப் பெயராக இருப்பது அங்கே இனப் பெயராக நிற்கிறது. புதிதாகப் போன இந்தியர் அதைப் பார்த்துத் தன் சமூகப் பெயரை நிரப்பினால், அவருடைய மற்ற ஆவணங்களோடு பொருந்தாமல் போகும்.

அடுத்தது 'வாசகம'. இது நம்ம வாசகம் இல்லை, குடும்பப் பெயர். சிங்களவருக்கு அது பரம்பரையாக வரும். தமிழருக்கு இருப்பது அப்பா பெயரின் முதலெழுத்துதான். 'முலகுரு சமக நம' என்று கேட்டால் இனிஷியலோடு பெயர் எழுதணும். இதற்கெல்லாம் பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுவதுதான் பாதுகாப்பு. 'ஜாதிக ஹெந்துனும்பத் அங்கய' என்பது இலங்கை அடையாள அட்டை எண். அது இந்தியருக்கு இருக்காது. 'கமன் பலபத்ர அங்கய' என்ற கட்டம் இருந்தால் பாஸ்போர்ட் எண்ணை அங்கே எழுதணும்.

ஒரு எழுத்து மாறினால் என்ன ஆகும்?

நீர்கொழும்பில் குடியேறிய ஒரு தம்பதிக்குக் குழந்தை பிறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்பா பெயர் முருகன். இலங்கையில் பிறப்பை 42 நாட்களுக்குள் பதிய வேண்டும். அப்பா தமிழில் எழுதிக் கொடுத்த பெயரைப் பார்த்து எழுத்தர் சிங்களத்தில் எழுதுகிறார். தமிழில் 'க' ஒன்றுதான், இடத்தைப் பொறுத்து ஒலி மாறும். சிங்களத்தில் காகத்தின் 'க'-வுக்கு ஒரு எழுத்து, கங்கையின் முதல் 'க'-வுக்கு வேறு எழுத்து. எழுத்தர் முதல் எழுத்தைப் போட்டுவிட்டால், சான்றிதழில் அப்பா பெயரை 'முருக்கன்' என்பது போலத்தான் படிப்பார்கள். அதை ஆங்கிலத்துக்கு மாற்றும்போது எழுத்துக்கூட்டு பாஸ்போர்ட்டிலிருந்து விலகும். பின்னாளில் பிள்ளைக்கு பாஸ்போர்ட் எடுக்கப் போகும் அன்றைக்குத்தான் இது தெரியவரும். த, ப வரும் பெயர்களுக்கும் இதே கதைதான்.

அதனால் தமிழில் மட்டும் எழுதிக் கொடுக்காமல், பாஸ்போர்ட்டில் உள்ள ஆங்கில எழுத்துக்கூட்டையும் பக்கத்தில் எழுதிக் கொடுக்கணும். எழுத்தர் எழுதி முடித்ததும் பெயரை ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டச் சொல்லணும். 'முருக்கன்' என்று அவர் படித்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன்பே திருத்திவிடலாம்.

தமிழ்ப் படிவம் கேட்க முடியுமா?

முடியும். 1956-ல் சிங்களம் மட்டும் ஆட்சிமொழியானது. 1987-ல் 13-வது திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது. அரசியலமைப்பின் 22-வது பிரிவுப்படி, சிங்களத்தில் நிர்வாகம் நடக்கும் பகுதியிலும் ஒருவர் அரசு அதிகாரியிடம் தமிழிலோ ஆங்கிலத்திலோ தொடர்புகொண்டு, அந்த மொழியிலேயே பதில் பெறலாம். அவருக்குக் கொடுக்கப்படும் ஆவணத்தையோ அதன் மொழிபெயர்ப்பையோ அந்த மொழியில் கேட்கலாம்.

கவுண்டரில் கேட்க வேண்டிய வாசகம் இது: "தெமள ஃபோர்ம் எகக் தென்ன புளுவன்த?" (ஒரு தமிழ்ப் படிவம் தர முடியுமா?) தமிழ் தெரிந்த ஊழியர் அன்றைக்கு இல்லை என்ற பதில் வரலாம். அப்போது சிங்களப் படிவத்தில் புரியாமல் கையெழுத்துப் போடுவதைவிட, ஆங்கிலப் படிவம் கேட்டு வாங்குவது மேல்.