சேவல் கூவ, சூரியன் எழ

1989 சட்டமன்றத் தேர்தலின்போது போடியில் ஒரு சுவரில் வரைந்திருந்த கேலிச்சித்திரத்தின் புகைப்படம் என்னிடம் இருக்கிறது. பேரன் பார்த்துவிட்டு, "கோழிப்பண்ணை விளம்பரமா தாத்தா?" என்றான்.

பூட்டிய பெட்டியிலிருந்து இரண்டு இலைகள் எட்டிப் பார்க்கின்றன. பெட்டிமேல் நின்று சேவல் கூவுகிறது. எதிரே இரண்டு புறாக்கள் முறைக்கின்றன. மலைக்குப் பின்னால் சூரியன் சிரித்தபடி எழுகிறது.

நம் வயதுக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை; பேரனுக்குச் சொன்னேன். எம்.ஜி.ஆர். 1987 டிசம்பரில் மறைந்தபின் கட்சி இரண்டானது. இரட்டை இலையைத் தேர்தல் ஆணையம் முடக்கியது, அதுதான் பூட்டு. ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அம்மாள் அணிக்கு இரட்டைப் புறா. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்குச் சேவல் என்றால் பிரான்ஸ் நாடு. போடியில் அது வேட்பாளர்!

சேவல் கூவினால் பொழுது விடிய வேண்டுமே, அங்கேதான் சிரிப்பு. பறவைகள் மல்லுக்கு நிற்க, வாக்குப் பிரிந்து, உதயசூரியனுக்கு விடிகிறது. வரைந்தவர் தி.மு.க.காரராகத்தான் இருக்க வேண்டும். போடியில் மட்டும் அவர் கணக்குத் தப்பியது, சேவலே ஜெயித்தது. எம்.ஜி.ஆர். கடைசியாக ஜெயித்த ஆண்டிபட்டியில் ஜானகி அம்மாள் தோற்றார். அங்கே எழுந்தது சூரியன்.