நிலச் சீர்திருத்தம்: கேரளத்தில் குத்தகை ஒழிப்பு (1957–1970)

நிலச் சீர்திருத்தம் என்பது வேளாண் நிலத்தின் உடைமையை அரசு சட்டத்தின் மூலம் மாற்றி அமைப்பது. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. உழுபவரின் கையில் ஏற்கெனவே இருக்கும் குத்தகை நிலத்தை அவருக்கே உரிமையாக்குவது ஒன்று. ஒருவர் வைத்திருக்கக்கூடிய நிலத்துக்கு உச்சவரம்பு விதித்து, மிஞ்சும் உபரியை எடுத்து நிலமற்றவர்களுக்குக் கொடுப்பது மற்றொன்று. முதல் வழியில் நிலம் கைமாற வேண்டியதில்லை, பட்டாவில் உள்ள பெயர் மாறினால் போதும். இரண்டாவது வழியில் நிலத்தைக் கண்டுபிடித்து, அளந்து, ஒருவரிடமிருந்து பறித்து, அதில் கால் வைத்திராத இன்னொருவரிடம் சேர்க்க வேண்டும். கேரளத்தில் இரண்டும் ஒரே சட்டத்தின் கீழ் முயலப்பட்டன. முதலாவது பெருமளவு நிறைவேறியது, இரண்டாவது பெயரளவோடு நின்றது. இந்த வேறுபாடே நிலச் சீர்திருத்தத்தின் அரசியலை விளக்கப் போதுமானது.

பழைய நில உறவுகள்

1956 நவம்பர் 1 அன்று கேரள மாநிலம் உருவானபோது அதன் பகுதிகள் மூன்று வெவ்வேறு நில வரலாறுகளோடு வந்து சேர்ந்தன. திருவிதாங்கூரில் அரசே பெரும் நிலவுடைமையாளராக இருந்தது. 1865-ஆம் ஆண்டுப் பிரகடனம் அந்த அரசு நிலங்களின் குத்தகைதாரர்களுக்கு உரிமை வழங்கிவிட்டதால் அங்கே சிறு உடைமையாளர்கள் பெருகியிருந்தனர். கொச்சி இடைப்பட்ட நிலையில் இருந்தது. சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டமாக இருந்த மலபாரிலோ பிரிட்டிஷ் அரசு ஜன்மிகளை நிலத்தின் முழு உடைமையாளர்களாக ஏற்றுக்கொண்டிருந்தது. நம்பூதிரி இல்லங்களும், அரச குடும்பங்களும், கோயில் தேவஸ்வங்களும் ஜன்மிகளாக இருந்தன.

ஜன்மிக்குக் கீழே காணக்காரர், அவருக்குக் கீழே வெறும்பாட்டக்காரர் என்று குத்தகை அடுக்கடுக்காக இறங்கியது. காணக்காரர் முன்பணம் கொடுத்து நிலம் பெற்றவர், ஓரளவு வசதி உள்ளவர். வெறும்பாட்டக்காரர் விளைச்சலில் பெரும்பங்கை வாரமாக அளந்து கொடுத்தார், எப்போது வேண்டுமானாலும் வெளியேற்றப்படலாம். இந்த அடுக்குகள் எதிலும் இடம்பெறாத கடைசி மனிதர் கூலித் தொழிலாளி. நில உடைமையாளரின் மண்ணில் குடிசை போட்டுக்கொள்ள அனுமதி பெற்றிருந்த அவரைக் குடிகிடப்புக்காரர் என்றனர். அவர்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட சாதியினர்.

சட்டம் நடந்து வந்த பாதை

1930-களின் நடுவில் மலபார் கிராமங்களில் கர்ஷக சங்கங்கள் தோன்றின. வாரம் அளக்கும்போது ஜன்மியின் ஆட்கள் கூடுதலாக எடுப்பதையும், திருவிழாக்களுக்கும் சடங்குகளுக்கும் தண்டும் காணிக்கைகளையும் எதிர்த்து ஊர்வலங்கள் நடந்தன. 1941-இல் கையூரில் நடந்த மோதலை அடுத்து நான்கு விவசாயிகள் 1943 மார்ச்சில் கண்ணூர் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். சட்டம் வருவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே குத்தகைதாரர்கள் கிராம அளவில் அமைப்பாகியிருந்தனர்.

1957 ஏப்ரல் 5 அன்று ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் கம்யூனிஸ்ட் அரசு பதவியேற்றது. ஆறே நாள் கழித்து, ஏப்ரல் 11 அன்று, குத்தகைதாரரையும் குடிகிடப்புக்காரரையும் வெளியேற்றுவதற்குத் தடை விதிக்கும் அவசரச் சட்டம் வந்தது. இந்த வேகத்துக்குக் காரணம் உண்டு. குத்தகைதாரருக்கு உரிமை தரும் சட்டம் வரப்போகிறது என்ற செய்தி பரவினாலே நிலவுடைமையாளர் முதலில் செய்வது குத்தகைதாரரை வெளியேற்றி, ‘சொந்தச் சாகுபடி’ என்று கணக்கு எழுதுவதுதான். இந்தியாவின் பல மாநிலங்களில் சட்டம் நிறைவேறும் முன்பே குத்தகைதாரர்கள் காணாமல் போனது இப்படித்தான். கேரளத்தில் அந்தக் கதவு முதலில் அடைக்கப்பட்டது.

முழுச் சட்டமான விவசாய உறவுகள் மசோதாவை வருவாய் அமைச்சர் கே.ஆர். கௌரியம்மா கொண்டுவந்தார். அது 1959 ஜூனில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. நிலச் சட்டத்தோடு கல்விச் சட்டத்தையும் எதிர்த்து எழுந்த ‘விமோசன சமர’த்தின் நடுவே, 1959 ஜூலை 31 அன்று மத்திய அரசு மாநில அரசைக் கலைத்தது. மசோதா திருத்தங்களோடு 1961-இல் சட்டமானது. ஆனால், முன்பு தென் கன்னட மாவட்டத்தில் இருந்த காசர்கோடு, ஹோஸ்துர்க் பகுதிகளின் ரயத்துவாரி நிலங்களுக்கு அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் அதே ஆண்டில் தீர்ப்பளித்தது. காங்கிரஸ் ஆட்சியில், ஆர். சங்கர் முதல்வராக இருந்தபோது, 1963-இல் மென்மையான ஒரு நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. 1967-இல் மீண்டும் பதவிக்கு வந்த ஈ.எம்.எஸ். அரசு அதைக் கடுமையாக்கி 1969-இல் திருத்தியது. அந்த அரசு கவிழ்ந்த பின், அடுத்து வந்த சி. அச்சுத மேனன் அரசு அதை 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

1970 ஜனவரி 1

அந்த ஒரு நாளில் குத்தகை நிலங்கள் மீது நிலவுடைமையாளருக்கு இருந்த உரிமை அரசைச் சேர்ந்தது. குத்தகைதாரர் நிலத் தீர்ப்பாயத்தில் விண்ணப்பித்து உடைமைப் பட்டயம் பெறலாம். அவர் விண்ணப்பிக்காவிட்டாலும் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுக்கலாம். குத்தகைதாரர் தர வேண்டிய விலை நியாய வாரத்தின் 16 மடங்கு. அதை 16 ஆண்டுத் தவணைகளில் செலுத்தலாம். எடுத்துக்காட்டாக, ஒரு வயலின் நியாய வாரம் ஆண்டுக்கு 20 ரூபாய் என்றால் அதன் விலை 320 ரூபாய். ஆண்டுக்கு அதே 20 ரூபாயைக் கட்டிவந்தால் 16 ஆண்டுகளில் நிலம் சொந்தமாகும். சந்தை விலையோடு ஒப்பிட இது மிகக் குறைவு. பணவீக்கம் தவணைகளின் மதிப்பை ஆண்டுக்கு ஆண்டு மேலும் தேய்த்தது.

குத்தகைகளில் பல வாய்மொழியானவை. ரசீதும் ஒப்பந்தமும் இல்லாதவர் தன்னைக் குத்தகைதாரர் என்று எப்படி நிரூபிப்பது? இரண்டு ஏற்பாடுகள் இந்தச் சிக்கலைக் குறைத்தன. 1969-ஆம் ஆண்டுத் திருத்தம் யாரெல்லாம் குத்தகைதாரராகக் கருதப்படுவர் என்ற வரையறையை அகலமாக்கியது. ஊரில் சங்கம் இருந்ததால் சாட்சி சொல்லவும் ஆள் இருந்தது. ஜன்மியின் முகத்துக்கு நேராக ‘இந்த வயலை இவர்தான் உழுகிறார்’ என்று சொல்லத் தனி மனிதருக்குத் துணிவு வராது. சங்கம் அதைக் கூட்டாகச் சொல்லவைத்தது.

குடிகிடப்புக்காரர்களுக்குக் குடிசையைச் சுற்றி ஊராட்சிகளில் 10 சென்ட், நகராட்சிகளில் 5 சென்ட், மாநகரங்களில் 3 சென்ட் நிலத்தைச் சந்தை விலையின் சிறு பங்குக்கு வாங்கும் உரிமை கிடைத்தது. பலர் தீர்ப்பாயத்துக்காகக் காத்திருக்கவில்லை. 1969 டிசம்பரில் ஆலப்புழை மாவட்டத்தில் கூடிய விவசாயத் தொழிலாளர் மாநாட்டின் அறைகூவலை ஏற்று, தங்கள் பங்கைத் தாங்களே அளந்து வேலி கட்டினர்.

குத்தகை ஒழிப்பினால் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் நில உடைமை பெற்றன. குடிகிடப்பு உரிமை பெற்றவை இரண்டரை லட்சத்துக்கும் மேல். உச்சவரம்பின் கீழ் பங்கிடப்பட்ட உபரி நிலமோ ஒரு லட்சம் ஏக்கரைக்கூட எட்டவில்லை.

வெற்றிக்கான அரசியல் சூழல்

முதல் காரணம், பயன்பெறுவோரின் பரப்பு. குத்தகைதாரர்களில் நாயர், ஈழவர், கிறிஸ்தவர், முஸ்லிம் என எல்லாச் சமூகத்தினரும் இருந்தனர். வசதியான காணக்காரர் முதல் ஏழை வெறும்பாட்டக்காரர் வரை இருந்தனர். அவர்கள் எல்லாக் கட்சிகளுக்கும் வாக்காளர்களாக இருந்ததால், குத்தகை ஒழிப்பை வெளிப்படையாக எதிர்ப்பது எந்தக் கட்சிக்கும் கட்டுப்படியாகவில்லை. எதிர்ப்புறத்தில் இருந்த ஜன்மிகள் எண்ணிக்கையில் மிகச் சிலர்.

இரண்டாவது காரணம், கட்சிப் போட்டி. 1964-இல் கம்யூனிஸ்ட் கட்சி இரண்டாகப் பிளந்தது. ஒரே விவசாயிகளின் ஆதரவுக்காக இரு கட்சிகளும் மோதின. ஒரு கட்சியின் தலைமையில் இயற்றப்பட்ட சட்டத்தை மற்றொரு கட்சியின் முதல்வர் நடைமுறைப்படுத்தியதற்கு இதுவே பின்னணி. பின்வாங்கும் கட்சி தன் அடித்தளத்தை மற்றதிடம் இழந்திருக்கும்.

மூன்றாவது, அரசமைப்புப் பாதுகாப்பு. 1964-ஆம் ஆண்டின் 17-ஆவது திருத்தமும் 1972-ஆம் ஆண்டின் 29-ஆவது திருத்தமும் கேரளச் சட்டங்களை ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்து நீதிமன்றத் தடைகளிலிருந்து காத்தன. காசர்கோட்டுக்கு அருகிலுள்ள எடநீர் மடத்தின் தலைவர் கேசவானந்த பாரதி இந்தச் சட்டங்களை எதிர்த்துத் தொடுத்த வழக்கில்தான், 1973-இல் உச்ச நீதிமன்றம் அரசமைப்பின் ‘அடிப்படைக் கட்டமைப்பு’க் கோட்பாட்டை வகுத்தது. 29-ஆவது திருத்தம் அதில் நிலைத்தது.

உச்சவரம்பு ஏன் தோற்றது

குத்தகை ஒழிப்புக்குக் கைகொடுத்த சூழல் உச்சவரம்புக்கு இல்லை. 1957-இல் முதல் மசோதா வந்ததிலிருந்து 1970 வரை 13 ஆண்டுகள் கழிந்தன. அந்த இடைவெளியில் நிலம் பிள்ளைகளுக்குப் பாகம் பிரிக்கப்பட்டது, உறவினருக்குத் தானமாக எழுதப்பட்டது, பினாமி பெயர்களுக்கு மாறியது. வெளியேற்றத்துக்குத் தடை இருந்ததுபோல நிலப் பரிமாற்றத்துக்கு அத்தனை உறுதியான தடை இல்லை. தேயிலை, காப்பி, ரப்பர், ஏலக்காய்த் தோட்டங்களுக்கு விலக்கு தரப்பட்டதால் மிகப் பெரிய உடைமைகள் சட்டத்துக்கு வெளியே நின்றன. இதைவிட முக்கியமான காரணம், உச்சவரம்பை நிறைவேற்ற வேண்டிய கூட்டணியே கலைந்துபோனதுதான். நேற்றைய குத்தகைதாரர் இன்று நிலவுடைமையாளர், கூலி ஆள் வைத்து விவசாயம் செய்பவர். அடுத்த கட்ட நிலப் பங்கீட்டில் அவருக்கு அக்கறை இல்லை.

நட்டம் அடைந்தவர்கள் தலித்துகளும் பழங்குடியினரும். அவர்களில் பெரும்பாலோர் குத்தகைதாரர்களாக இல்லாததால் கிடைத்தது குடிசை மனை மட்டுமே. 2003-இல் வயநாட்டின் முத்தங்காவிலும் 2007-இல் பத்தனம்திட்டையின் செங்கறா தோட்டத்திலும் நடந்த நிலப் போராட்டங்கள் அந்தக் குறையின் தொடர்ச்சி.

ஒப்பீடு

ஜப்பானில் 1946 முதல் 1950 வரை நடந்த சீர்திருத்தத்துக்குப் பின்னால் இருந்தது அமெரிக்க ஆக்கிரமிப்பு அதிகாரம். ஆனாலும் அங்கே கிராம நிலக் குழுக்களில் 5 குத்தகைதாரர், 3 நிலவுடைமையாளர், 2 சொந்தச் சாகுபடியாளர் எனக் குத்தகைதாரருக்கே பெரிய பங்கு தரப்பட்டது. தைவானில் 1949 முதல் 1953 வரை சீர்திருத்தம் செய்த கோமிண்டாங் ஆட்சியாளர்கள் சீனப் பெருநிலத்திலிருந்து வந்தவர்கள், தீவில் அவர்களுக்கு நிலம் இல்லை. இரு நாடுகளிலும் சட்டம் இயற்றியவர்கள் நிலவுடைமையாளரைச் சார்ந்திருக்கவில்லை. தமிழ்நாட்டில் 1961-ஆம் ஆண்டுச் சட்டம் 30 தர ஏக்கர் உச்சவரம்பு விதித்தது, 1970-இல் அது 15 ஆகக் குறைக்கப்பட்டது. ஆனால் குத்தகை முறை பாதுகாக்கப்பட்டதே தவிர ஒழிக்கப்படவில்லை. கேரளத்திலோ 1970-க்குப் பிறகு புதிய குத்தகை சட்டவிரோதம். இருந்தும் இன்று அங்கே நெல்லும் வாழையும் மரவள்ளியும் விளையும் நிலத்தில் ஒரு பகுதியை நிலமற்ற பெண்களின் குடும்பஸ்ரீ குழுக்கள் வாய்மொழிக் குத்தகையில்தான் பயிரிடுகின்றன.